பிணை நின்றவரின் வீடு

இதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்று எனக்கே தெரியும். சாதாரண தரம் வரைதான் படித்தேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். சட்டம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைக்கக்கூடும். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதேபோல ஒரு கடிதம் வந்த வீடு எங்களுடையது மட்டுமாக இருக்காது.

கடிதம் அப்பாவின் பெயருக்கு வந்தது. அப்பா இறந்து அப்போது நான்கு வருடம் முடியப்போகிறது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பதிவுத் தபால், யாராவது கையெழுத்துப் போடவேண்டும் என்றார். அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அப்பாவைத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் இருந்ததால், மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வரும்வரைக்கும் அதை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன்.

மகள் இரண்டு முறை வாசித்தாள். "அம்மா, அம்மப்பா யாருக்கோ பிணை நிண்டிருக்கிறார். அந்தாள் கட்டயில்ல. அம்மப்பாவைக் கட்டட்டாம்," என்றாள்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஒரு விதமான சிரிப்பு. செத்த மனிதரிடம் போய்க் கேட்கிறார்களே என்று நினைத்தேன். கணவரும் அப்படித்தான் சொன்னார். அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். பேருந்து நிலையத் தரிப்பிடத்தில் நிற்கும் எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்தார். ஆள் போனால் கையெழுத்தும் போய்விடும் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்களாம். அப்பாவின் மரணச் சான்றிதழைப் பிரதி எடுத்து வங்கிக்கு அனுப்பினோம். அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். துறைமுகத்தின் வேலைத்தளத்தில் இயந்திரம் திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. உள்துறைமுக வீதியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, படகு எஞ்சின் திருத்தினார். கடன் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்க அம்மாவை விடமாட்டார். ஆனால் வேறு ஒருவருக்காகக் கையெழுத்துப் போடுவதை அவர் கடனாக நினைத்ததே இல்லை. அது அவருக்கு ஒரு மரியாதை. வங்கியில் ஒரு கதிரை போட்டு, ஐயா இருங்கோ என்று சொல்லி, அவருடைய கையெழுத்தைக் கேட்கிறார்கள் அல்லவா. எனக்குத் தெரிந்து மூன்று பேருக்குப் பிணை நின்றார். மூன்று பேரும் கட்டி முடித்தார்கள். நான்காவது ஆளைப் பற்றி வீட்டில் சொல்லவே இல்லை.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓர்ஸ் ஹில் மேட்டின் இறக்கத்தில், ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருக்கிற ஆறு பேர்ச் காணியும் வீடும். அப்பா தன் பெயரில் உறுதிப் பத்திரம் முடித்து வாங்கியது. எனக்குக் கல்யாணம் பேசியபோது இதைத்தான் சீதனம் என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அரிது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். சொன்னால் சரி என்று விட்டார்கள். உறுதி பிறகு எழுதலாம் என்று அப்பா சொன்னார். பிறகு முத்திரைச் செலவு என்று ஒரு வருடம், பிரச்சினைக் காலம் என்று பல வருடம், அம்மாவின் வருத்தம், ஆஸ்பத்திரி என்று இன்னும் சில வருடம். அம்மா போனபின் அப்பா எங்களோடு அதே வீட்டின் பின்னறையில் இருந்தார். வீடு என்னுடையது என்று ஒழுங்கைக்கே தெரியும். யாரும் கேட்காததால் யாரும் எழுதவில்லை.

அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணன்தான் அந்தக் கதையை எடுத்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் கப்பல்துறை என்ற ஊரில் இருக்கிறார், பாடசாலை ஆசிரியர். அப்பா எழுதாமல் போய்விட்டார், அது உன் சீதனம், என் பாதியை உன் பேருக்கு எழுதித் தந்துவிடுகிறேன் என்றார். நான் கேட்கவே இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கிழமையே நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சட்டத்தரணியிடம் போனோம். உறுதி எழுதும் நொத்தாரிசும் அவர்தான். வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். பத்திரம் எழுத முன்பு, அப்பாவுக்குக் கடன் ஏதும் இருந்ததா என்று கேட்டார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "சேர், எங்கட அப்பா தேத்தண்ணிக் கடையிலயும் கடன் வைக்காத மனுஷன்," என்றார் அண்ணன். நொத்தாரிசும் சிரித்தார். தந்தையார் உயில் எழுதாமல் இறந்தபடியால் பிள்ளைகளான எங்களுக்கு முதுசமாக வந்த வீடு என்றும், அதில் தன் பாதியை அண்ணன் எனக்கு நன்கொடையாகத் தருகிறார் என்றும் உறுதியில் எழுதினார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். காணிக் கந்தோரில் பதிந்தும் ஆயிற்று.

மரணச் சான்றிதழ் அனுப்பி ஆறு கிழமைக்குள் இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை என் பெயருக்கும் அண்ணன் பெயருக்கும். இறந்த பிணையாளியின் சொத்தைப் பொறுப்பேற்ற வாரிசுகள் என்று அதில் இருந்தது. அந்த நேரம் மகளுக்கு வவுனியாவில் ஒரு சம்பந்தம் பொருந்தி, தை மாதத்தில் கல்யாண எழுத்து வைக்கலாம் என்ற அளவுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நீர்வழங்கல் பகுதியில் வேலை. அவருடைய தாயார் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெளிவாகச் சொல்லியிருந்தார். எழுத்துக்கு முன் வீடு பிள்ளையின் பேருக்கு வரவேண்டும். சொல்லிவிட்டு எழுதாமல் விட்ட கதைகள் அவருக்கும் தெரிந்திருக்கும். நான் ஓம் என்றிருந்தேன்.

அதே சட்டத்தரணியிடம் ஓடினோம். அவர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வங்கியிடமிருந்து பிணைப் பத்திரத்தின் பிரதி எடுத்துத் தாருங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பினார்.

வங்கிக்கு நான் தனியாகப் போனேன். கணவருக்கு ஓட்டம் விட ஏலாது, அண்ணனுக்குப் பாடசாலை. கடன் அறவிடும் பகுதியில் இருந்தவர் கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோப்பைத் திறந்து காட்டினா. அப்பாவின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி, கோடு தப்பாமல் இருந்தது. அதோடு அப்பா தன் சொத்து விபரம் எழுதிக் கொடுத்த தாளும், எங்கள் வீட்டு உறுதியின் பிரதியும் இணைத்திருந்தார்கள். வீட்டை அவர் ஈடு வைக்கவில்லை. என்னிடம் இது இருக்கிறது என்று காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குச் சீதனமாகத் தந்த வீடு, அவருடைய சொத்து என்ற இடத்தில் முதலாவதாக இருந்தது. அவர் பொய் எழுதவில்லை. எழுத்தில் அது அவருடையதுதானே.

"உங்கட வாப்பா மௌத்தானது எங்களுக்குத் தெரியாது அன்ரி," என்றா அந்தப் பிள்ளை. "தெரிஞ்சிருந்தா வேற பிணையாளி கேட்டிருப்பம். கடன்காரர் அப்ப ஒழுங்காக் கட்டிக்கொண்டு வந்தவர். அதால ஒருத்தரும் கோப்பைத் திறக்கயில்ல."

நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது.

சட்டத்தரணி பிரதியை வாசித்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். பிழை இருந்தால் அது என்னுடைய பிழை. அப்பா உயிரோடு இருந்தபோதே கடன் கொடுத்து முடிந்துவிட்டது. ஆகவே அப்பாவின் பொறுப்பும் அன்றைக்கே உண்டாகிவிட்டது. ஆள் இறந்தால் அது அழியாது, அவர் விட்டுப்போன சொத்தின்மேல் நிற்கும். முதலில் கடன்காரனிடம் போ, பிறகு என்னிடம் வா என்று சொல்லும் உரிமை பிணையாளிக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் அச்சடித்த அந்தப் பத்திரத்தில் அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. எல்லா வங்கிப் பத்திரத்திலும் இருக்குமாம். இன்னொரு பிணையாளி இருந்தார், கடன்காரரின் மைத்துனர். அவர் வெளிநாட்டில், இங்கே அவருக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்குப் பாதி என்று பிரிக்கும் உரிமையையும் அப்பா விட்டுக்கொடுத்திருந்தார். தவணை தவறி ஆறு வருடம் ஆகியிருந்தால் காலம் கடந்துவிட்டது என்று சொல்லலாம். மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு நல்ல விஷயமும் சொன்னார். எங்கள் சொந்த உழைப்பில், என் கணவரின் வண்டியில், அண்ணனின் சம்பளத்தில் வங்கி கைவைக்க ஏலாது. அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்ததன் பெறுமதி வரைக்கும்தான் வாரிசு பொறுப்பு.

நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அவர் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

"பிள்ளை, அந்த எல்லை உங்களுக்கு உதவாது. வந்தது வீடு. வீடு கடனைவிடப் பெரிசு."

நான் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேனே, சீதனமாகத் தந்த வீடுதானே என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. காணி வாய்ப் பேச்சில் கைமாறாது, நொத்தாரிசு முன்னால் எழுதவேண்டும் என்றார். இத்தனை வருடம் இருந்ததால் நீண்டகால ஆட்சி என்று வாதாடலாமா என்று அண்ணன் கேட்டார். தகப்பனோடு ஒரே வீட்டில், தகப்பனின் விருப்பத்தோடு இருந்தது எதிரான ஆட்சி ஆகாது என்றார். பிறகு எங்கள் உறுதியை எடுத்து, முதுசமாக வந்த என்ற இடத்தில் விரலை வைத்தார். நாங்கள் வாரிசாகப் பொறுப்பேற்றோம் என்பதற்கு வங்கிக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. எழுதியவர் அவர், கையெழுத்து வைத்தவர்கள் நாங்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று கடன் இருக்கிறதா என்று கேட்டது அவர், சிரித்தது நாங்கள்.

வெளியே வந்ததும் அண்ணன், வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகச் சொன்னார். "நாளைக்கே பிள்ளையின்ர பேருக்கு எழுது. வழக்குப் போட முன்னம் வீடு கை மாறட்டும்."

நான் அன்றே திரும்பி உள்ளே போய்க் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு துணிந்தது அன்றுதான். சட்டத்தரணி என்னை இருக்கச் சொன்னார். எழுதலாம், ஆனால் கடன் தெரிந்த பிறகு, காசு வாங்காமல், சொந்த மகளுக்குக் கொடுத்தால், கடன்கொடுத்தவனை ஏமாற்றக் கொடுத்தது என்று வங்கி அந்த உறுதியைத் தள்ளுபடி செய்யக் கேட்கும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்தபிறகு அந்த வழக்கு வரும். பிள்ளையின் பெயரில் வரும்.

"எழுதச் சொன்னால் எழுதித் தாறன். ஆனா அந்தப் பிள்ளையை நீங்கள் கோட்டுக் கூட்டுக்குள்ள நிப்பாட்டுறீங்கள்," என்றார்.

நான் எழுதச் சொல்லவில்லை. அது நேர்மையால் என்று சொல்ல வரவில்லை. பயத்தால்.

கடன்காரரைப் பார்க்க நிலாவெளிக்குப் போனோம், நானும் கணவரும். துறைமுகத்தில் அப்பாவுக்குக் கீழே வேலை பழகியவர். பிறகு வேலையை விட்டு, சுற்றுலாக்காரரை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகிற படகு ஒன்றும் எஞ்சினும் வங்கிக் கடனில் வாங்கினார். நல்ல பருவங்களில் நன்றாகவே ஓடியது. பிறகு தொற்று, ஹோட்டல்கள் பூட்டு, அதற்குப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மூன்று நாள் வரிசை. படகு வளவுக்குள் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் இல்லை. அதை விற்று இரண்டு தவணை கட்டினாராம். இப்போது கரைவலைக்குக் கூலிக்குப் போகிறார். மனைவி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தா, சீனி தனியாக உள்ளங்கையில் வைத்துக்கொள்ளத் தந்தா. சீனி கொஞ்சம்தான்.

"அக்கா, என்னை ஏசிப் பேசுங்கோ," என்றார் அவர். "பேசாம இருந்தா எனக்கு இன்னும் ஏலாது."

எனக்குப் பேசத் தெரியாது. கணவர் மட்டும், ஐயா இருந்திருந்தால் உன்னைச் சும்மா விட்டிருப்பாரா என்று கேட்டார். அவர், ஐயா இருந்திருந்தால் எஞ்சினை விற்க விட்டிருக்கமாட்டார் என்றார். திரும்பும் வழியில் கணவர், வெறுங்கையை எப்படி முறுக்கிறது என்று மட்டும் சொன்னார். நாங்கள் கட்டுகிற காசை அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று சட்டத்தரணி பின்னர் சொன்னபோது, எனக்கு அந்த உள்ளங்கைச் சீனிதான் நினைவுக்கு வந்தது.

வங்கியில் இன்னொரு வழி சொன்னார்கள். நான் என் பெயரில் புதிய உடன்படிக்கை எழுதி, வீட்டை ஈடாக வைத்து, மாதா மாதம் கட்டலாம். கிண்ணியாப் பிள்ளை அதை உதவியாகத்தான் சொன்னா. தாளையும் எடுத்து வைத்தா. நான் பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். மற்றவர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாமல் எழும்பி வருவது என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் கஷ்டம். அப்பாவுக்கும் அப்படி இருந்திருக்குமோ என்று அப்போது தோன்றியது. லோயரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எப்படியோ சொல்லிவிட்டு வந்தேன்.

சட்டத்தரணி அன்றைக்குத்தான் முதன்முறை என்னைக் கோபமாகப் பேசினார். "போட்டிருந்தீங்கள் எண்டா, அப்பாவின்ர சொத்தில நிண்ட கடன் உங்கட கழுத்தில வந்து நிண்டிருக்கும். வீடு போன பிறகும் நிக்கும்."

ஆகவே வழக்கு வந்தது. கடன்காரர் முதலாம் எதிராளி. மைத்துனர் இரண்டாமவர். நானும் அண்ணனும், இறந்த மூன்றாமவரின் வாரிசுகளாக. அண்ணன் வழக்கின் முதல் தவணைக்கு வந்தார். அதன்பிறகு, நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் கையில் ஒன்றும் இல்லை, என்னை ஏன் இழுக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அது உண்மைதான். பொங்கலுக்கு அண்ணி வரவில்லை. எனக்கு எழுதித் தந்ததற்காக அண்ணன் இப்போது கோட்டுக்கு வரவேண்டியிருக்கிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறா. அதுவும் உண்மைதான்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் மறைக்கவில்லை. தை போய், ஆவணி என்றார்கள். ஆவணி போய், அடுத்த தை என்றார்கள். தாயார் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் மரியாதையாகத்தான் கேட்டா, தங்கச்சி, வீட்டு விஷயம் எப்பிடி என்று. மகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், அம்மா, அம்மப்பாவுக்கு நான் திவசத்துக்குப் படைக்க மாட்டன் என்றாள். அந்த வருடம் அவள் படைக்கவும் இல்லை.

போன மாதம் வழக்கு இணக்கத்துக்கு வந்தது. நீதிமன்ற விறாந்தையில் இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் நின்று பேசினார்கள். தண்ட வட்டியை வங்கி விட்டுக்கொடுத்தது. மிச்சத்தை எழுபத்திரண்டு மாதத்தில் நான் கட்டவேண்டும். கட்டி முடியும்வரை வீட்டை விற்கவோ, ஈடு வைக்கவோ, யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ ஏலாது. மூன்று தவணை தவறினால் வீட்டைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கலாம். எங்கள் சட்டத்தரணி ஒரே ஒரு வசனத்துக்காக அரை மணித்தியாலம் விடாமல் நின்றார். நான் வாரிசு என்ற வகையில் மட்டுமே, அந்த வீட்டின் பெறுமதிக்கு மேற்படாமல் பொறுப்பு என்பதுதான் அந்த வசனம். அதை எழுதிக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

யாருக்கும் எழுதிக் கொடுக்க ஏலாது என்பதில் மகளுக்கு மட்டும் விலக்கு இருக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்க் கேட்டார். வங்கிச் சட்டத்தரணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று எனக்குத் தூரத்திலிருந்து விளங்கவில்லை. எங்கள் சட்டத்தரணி திரும்பி வந்து, இல்லையாம் என்றார்.

நீதிபதி தமிழில் வாசித்து, விளங்கியதா என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன். கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கையெல்லாம் இரும்பு மணம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அண்ணனும் போட்டார். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, முதல் தவணைக்குக் காசு இருக்கா என்று அண்ணன் கேட்டார். இருக்கு என்று பொய் சொன்னேன். அவரும் மேலே கேட்கவில்லை. கப்பல்துறைப் பேருந்து வந்ததும் ஏறிப் போனார்.

வவுனியாவுக்கு அன்று பின்னேரமே நான்தான் தொலைபேசி எடுத்தேன். ஆறு வருடம் என்று சொன்னேன். அந்தத் தாயார், வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்கிறோம் என்றா.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் தரகர் மூலம் மகளின் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்கள். மகள் எட்டு மணிக்கே வேலைக்குப் போயிருந்தாள். நான் என் காப்பு இரண்டையும் அடகுக் கடையில் வைத்து, வங்கியில் முதல் தவணையைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.